இறுக்கிக் கட்டினால் உண்மை சொல்லும்

ஷாவ்மி நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த ஸ்மார்ட் பேண்ட் 9, பட்டையைக் கழித்தால் வெறும் 15.8 கிராம். பேட்டரி 21 நாள் தாங்கும் என்கிறது நிறுவனம். இதயத்துடிப்பு, தூக்கம், நடந்த அடிகள், செலவான கலோரி எல்லாவற்றையும் காட்டுகிறது. இவற்றில் எதை நம்பலாம்?

பேண்டின் அடிப்பக்கம் பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் மாறுகிறது. அந்த மாற்றத்தை எண்ணித்தான் பேண்ட் நாடியைச் சொல்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கணக்கு பெரும்பாலும் சரியாகவே வரும். சந்தேகம் இருந்தால் கையில் நாடி பிடித்து, 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓடும்போதுதான் சிக்கல். பேண்ட் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் குலுங்கும். அந்தக் குலுக்கலையே துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். பேசிக்கொண்டே மெதுவாக ஓடுகிறவருக்குத் திடீரென 165 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவும் 165-ஐ ஒட்டியே வந்தால், திரையில் தெரிவது இதயம் அல்ல, கால்கள்தான்.

கலோரிக் கணக்கை நம்பிச் சாப்பாட்டைத் தீர்மானிக்கவே கூடாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் மணிக்கட்டில் கட்டும் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். ஆறு கருவிகளில் இதயத்துடிப்பின் பிழை 5 சதவீதத்துக்குள் அடங்கியது. கலோரியிலோ, இருப்பதில் துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. துடிப்பையும் அசைவையும் கருவி அளக்கிறது. கலோரியை வயது, எடையோடு சேர்த்து ஊகிக்கத்தான் செய்கிறது.

துல்லியம் வேண்டுமென்றால் இறுக்கம் வேண்டும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, அசையாமல், ஆனால் தோலில் பதியாமல் கட்டுவது சரியான அளவு. அதே இறுக்கத்தில் நாளெல்லாம் இருந்தால் வேர்வையும் சோப்பும் அடியில் தேங்கித் தோல் சிவந்து அரிக்கும். அதனால் பயிற்சி முடிந்ததும் கழற்றி, கையையும் பட்டையையும் கழுவித் துடைத்து, ஒரு துளை தளர்த்திக் கட்ட வேண்டும். சிவப்பு தணியாவிட்டால், மாறும்வரை மறு கைக்கு மாற்றிவிடலாம்.

பேட்டரியிலும் இதே பேரம்தான். 21 நாள் என்பது நிறுவனம் வகுத்த சாதாரணப் பயன்பாட்டுக்கான கணக்கு. திரையை எப்போதும் எரியவிட்டால் அதுவே 9 நாள் என்று நிறுவனமே சொல்கிறது. துடிப்பை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்க வைத்து, ரத்த ஆக்சிஜனையும் இரவெல்லாம் கவனிக்கச் சொன்னால் நாட்கள் இன்னும் கரையும். தினமும் நடைப்பயிற்சி மட்டும் போகிறவருக்கு 30 நிமிட இடைவெளி போதும். பயிற்சி முறையைத் தொடங்கியதும் பேண்ட் தானாகவே தொடர்ந்து அளக்கும்.