எண்ணூறு கிலோமீட்டரைத் தாண்டாத மின்னஞ்சல்

மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்கள் சரிசெய்த பக்குகளிலேயே உங்களை அதிகம் படுத்தியது எது?" பலரும் விடையை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேட்பவருக்கு வேண்டியது அதுவல்ல. எதை முதலில் சந்தேகப்பட்டீர்கள், அந்தச் சந்தேகம் எதனால் விலகியது என்பதுதான். அந்த வகையில் நான் படித்தவற்றிலேயே சிறந்தது, ட்ரே ஹாரிஸ் என்ற அமெரிக்க சிஸ்டம் நிர்வாகி 2002-ல் எழுதிய அனுபவம். நடந்தது 1990-களில், வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தில். வளாகத்தின் மின்னஞ்சல் அவர் பொறுப்பில் இருந்தது.

புள்ளியியல் துறைத் தலைவர் அவரை போனில் அழைத்து, "எங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு மேல் மின்னஞ்சல் போகவில்லை" என்றார். 500 மைல் என்றால் சுமார் 800 கிலோமீட்டர். மின்னஞ்சலுக்குத் தூரம் தெரியாது. அதனால் யாருமே முதலில் நம்பமாட்டார்கள். ஆனால் புகார் சொன்னவர்கள் புள்ளியியல்காரர்கள். சில நாட்கள் தரவு சேர்த்து, எங்கெல்லாம் போகிறது, எங்கெல்லாம் போகவில்லை என்று வரைபடமே போட்டு வைத்திருந்தார்கள்.

ஹாரிஸ் அவர்களுடைய சர்வரில் நுழைந்து தானே அனுப்பிப் பார்த்தார். அட்லாண்டா, வாஷிங்டன், சுமார் 400 மைல் தள்ளியிருக்கும் பிரின்ஸ்டன் எல்லாவற்றுக்கும் போனது. 600 மைல் தள்ளியிருக்கும் மெம்ஃபிஸுக்குப் போகவில்லை. பாஸ்டனுக்கும் இல்லை. அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. அதே வட கரோலினாவில் குடியிருந்த ஒரு நண்பருக்கு அனுப்பினார். அந்த நண்பருடைய மின்னஞ்சல் சர்வர் இருந்ததோ சியாட்டிலில். போகவில்லை. ஆக, பெறுபவர் எங்கே இருக்கிறார் என்பது விஷயமல்ல, அவருடைய சர்வர் எங்கே இருக்கிறது என்பதே விஷயம். ஒரே ஒரு மின்னஞ்சல் இதைத் தெளிவாக்கிவிட்டது.

பிறகு வந்தது தவறான தடம். மின்னஞ்சலை அனுப்பும் சென்ட்மெயில் மென்பொருளுக்கான அமைப்புக் கோப்பு `sendmail.cf`-ஐ யாரோ மாற்றியிருப்பார்கள் என்று நினைத்து, தன்னிடம் இருந்த பிரதியோடு ஒப்பிட்டார். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. அனுபவமில்லாதவர் "கோப்பு சரி, பிரச்சினை வேறெங்கோ" என்று அங்கிருந்து நகர்ந்திருப்பார். ஹாரிஸ் சர்வரின் அஞ்சல் போர்ட்டைத் தொடர்புகொண்டு, அது தன்னை என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்கிறது என்று பார்த்தார். சென்ட்மெயில் 8 இருக்க வேண்டிய இடத்தில், சன்ஓஎஸ் இயங்குதளத்தோடு வரும் பழைய 5 இருந்தது. ஆலோசகர் ஒருவர் இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது சென்ட்மெயில் மட்டும் பின்னோக்கிப் போயிருக்கிறது. கோப்பு மாறவில்லை, அதைப் படிக்கும் மென்பொருள் மாறிவிட்டது. புதிய பதிப்புக்காக நீளமான பெயர்களில் எழுதிய அமைப்புகளைப் பழையது குப்பை என்று தள்ளிவிட்டது. அவற்றில் ஒன்று, எதிர்முனை சர்வர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது. அது பூஜ்யமாகிவிட்டது.

பூஜ்யம் என்றால் எங்குமே போகக்கூடாதே? ஹாரிஸ் சோதித்துப் பார்த்ததில், அந்தக் கணினி வழக்கமான வேலைச் சுமையில் இணைப்பைக் கைவிட மூன்று மில்லிவினாடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது. வளாக நெட்வொர்க்கில் வழியில் தாமதமே கிடையாது. ஆகவே எதிர்முனையை எட்டும் நேரத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் ஒளியின் வேகம். `units` என்ற நிரலிடம், மூன்று மில்லிவினாடியில் ஒளி எத்தனை மைல் போகும் என்று கேட்டார்:

```
You have: 3 millilightseconds
You want: miles
        * 558.84719
        / 0.0017893979
```

துறைத் தலைவர் சொன்ன 500 மைலும் கொஞ்சமும் அப்படியே வந்து நின்றது.

இதே பதிலை நேர்முகத்தில் சொன்னால், விவரமுள்ளவர் உடனே மடக்குவார்: இணைப்பு கிடைக்கச் செய்தி போனால் போதாது, பதில் திரும்பியும் வரவேண்டும், அப்படியானால் தூரம் பாதிதானே? கண்ணாடி இழையில் ஒளி இன்னும் மெதுவாகத்தானே போகும்? இரண்டுமே நியாயமான கேள்விகள். கதை ஓட்டத்துக்காகச் சில விவரங்களைக் கொஞ்சம் மாற்றியதாகவும், சலிப்பூட்டுபவற்றை விட்டுவிட்டதாகவும் ஹாரிஸே எழுதியிருக்கிறார். நம்முடைய பக்கைப் பற்றி இப்படிக் கேட்டால் மழுப்பக் கூடாது. மூன்று என்பது தோராயம், காரணம் காத்திருப்பு நேரம்தான் என்பதற்குச் சான்று வேறு என்று சொல்லி, அந்தச் சான்றைக் காட்ட வேண்டும்: பழைய சென்ட்மெயிலுக்குப் புரியும் வடிவில் அந்த ஒரு அமைப்பை மட்டும் எழுதி, வேறு எதையும் தொடாமல், மெம்ஃபிஸுக்கு மறுபடி அனுப்பிப் பார்ப்பது.