பாக்கெட் வாசல்வரை வந்ததா?

சேலையூரில் ஒரு மொத்த விற்பனைக் கடை என்று வைத்துக்கொள்வோம். பின்னறையில் மானிட்டரும் கீபோர்டும் இல்லாத ஒரு உபுண்டு சர்வர். சரக்கு இருப்பைக் காட்டும் மென்பொருள் அதில் 8080 என்ற போர்ட்டில் ஓடுகிறது. விற்பனைப் பிரதிநிதி தாம்பரம் ஸ்டேஷனில் நின்று மொபைலில் அதைத் திறக்கிறார்; வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மென்பொருள் எழுதியவர் ஃபயர்வாலைக் குறை சொல்வார், நெட்வொர்க் போட்டவர் மென்பொருளைக் குறை சொல்வார். இருவரையும் கூட்டி உட்காரவைப்பதற்கு முன், SSH வழியாகச் சர்வருக்குள் நுழைந்து இதைத் தட்டலாம்:

```
sudo tcpdump -ni any 'tcp port 8080 or icmp'
```

tcpdump 1988இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சனும் அவருடைய சகாக்களும் எழுதியது. போர்ட்டைக் குறிப்பிடாமல் ஓடவிட்டால் நம் SSH இணைப்பின் பாக்கெட்டுகளையே அது பிடிக்கும். அதைத் திரையில் காட்ட மேலும் பாக்கெட்டுகள் போகும், அவற்றையும் பிடிக்கும். திரை நிற்காமல் ஓடும்.

இந்தக் கருவியின் பயன் முழுக்க அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. லினக்ஸில் உள்ளே வரும் பாக்கெட்டை, ஃபயர்வால் விதிகள் தொடுவதற்கு முன்பே tcpdump பார்த்துவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனுக்கு முன்னால், கேட்டுக்கு வெளியே மாட்டிய கேமரா மாதிரி: அவர் யாரைத் திருப்பி அனுப்பினாலும் வந்தவர் முகம் பதிவாகியிருக்கும். ஆகவே tcpdump-இல் தெரிந்த பாக்கெட், மென்பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. வெளியே போகும் பாக்கெட்டுக்கு வரிசை நேர்மாறு. அது ஃபயர்வாலைத் தாண்டிய பிறகுதான் கண்ணில் படும்.

இப்போது ஸ்டேஷனில் இருப்பவரை மறுபடி முயலச் சொல்ல வேண்டும், மொபைல் டேட்டாவில். கடை வைஃபையிலிருந்தே வெளி முகவரியைத் தட்டிப் பார்த்தால் பல ரவுட்டர்கள் அந்தச் சுற்றுவழியை அனுமதிப்பதில்லை, சோதனையே ஏமாற்றிவிடும்.

திரையில் ஒரு வரிகூட வரவில்லையென்றால் சர்வரைத் தொடவே தேவையில்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் இல்லாமல் இருக்கலாம். அது இருந்தும் வரவில்லையென்றால் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரை உள்ள எண்களில் அது தொடங்கினால், பிராட்பேண்ட் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. ஃபார்வர்டிங்கை எத்தனை முறை மாற்றினாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. நிலையான பொது முகவரி கேட்டு வாங்க வேண்டும்.

நம் கடையில் வரிகள் வந்தன:

```
In IP 203.0.113.45.51514 > 192.168.1.20.8080: Flags [S]
In IP 203.0.113.45.51514 > 192.168.1.20.8080: Flags [S]
In IP 203.0.113.45.51514 > 192.168.1.20.8080: Flags [S]
```

`[S]` என்பது இணைப்புக் கோரிக்கை. சிறிது இடைவெளி விட்டு அதே கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது, `Out` என்று ஒரு வரிகூட இல்லை. கதவு தட்டப்படுகிறது, உள்ளிருந்து சத்தமில்லை. சர்வரின் சொந்த ஃபயர்வால் ஓசையின்றிக் கைவிடும்போது இப்படித்தான் தெரியும். `sudo ufw status` பார்த்தால் 22 மட்டும் திறந்திருக்கிறது. `sudo ufw allow 8080/tcp` கொடுத்து மறுபடி முயன்றால் காட்சி மாறுகிறது:

```
In  IP 203.0.113.45.51520 > 192.168.1.20.8080: Flags [S]
Out IP 192.168.1.20.8080 > 203.0.113.45.51520: Flags [R.]
```

உடனடி மறுப்பு. அந்த முகவரியில் காதுகொடுத்துக் கேட்கும் நிரல் எதுவுமில்லை என்று கெர்னலே சொல்கிறது. ஃபயர்வாலையும் இப்படி மறுப்பு அனுப்பும்படி அமைக்கலாம் என்பதால் `ss -ltn` போட்டு உறுதி செய்வது நல்லது. இங்கே அது `127.0.0.1:8080` என்று காட்டியது. மென்பொருள் தன் இயந்திரத்துக்குள்ளிருந்து வருபவர்களை மட்டும் ஏற்கிறது. அமைப்பில் அதை `0.0.0.0` என்று மாற்றினால் `[S]`, `[S.]`, `[.]` என மூன்றும் வரிசையாக வந்து இணைப்பு அமையும்.

அதற்குப் பிறகும் வட்டம் சுற்றினால்? மொபைலின் கோரிக்கை `[P.]` என்று வந்து, சர்வர் வெறும் `[.]` மட்டும் அனுப்பிவிட்டு மௌனமாக இருந்தால், குற்றம் மென்பொருளுடையது. அந்த `[.]` கெர்னல் கொடுத்த ரசீதுதான். நிரல் உறைந்து கிடந்தாலும் கெர்னல் கைகுலுக்கி ரசீதும் கொடுத்துவிடும்.

இதில் ஒரு பொறி உண்டு. உறைந்த நிரல் இணைப்புகளை எடுக்காமலே விட்டால் காத்திருப்போர் வரிசை நிரம்பி, கெர்னல் புதிய `[S]`களைச் சத்தமில்லாமல் கைவிடத் தொடங்கும். திரையில் அது ஃபயர்வால் தடுத்தது போலவே தெரியும். அப்போது `ss -ltn` காட்டும் `Recv-Q` எண், பக்கத்திலுள்ள `Send-Q` எண்ணைத் தொட்டோ தாண்டியோ நிற்கும். ஃபயர்வால் தடுத்திருந்தால் அது பெரும்பாலும் 0.