மேகி இல்லாத ஐந்து மாதம்

2015 ஜூன் மாதம் பள்ளிகள் திறந்த நேரத்தில், தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கிய ஒரு மஞ்சள் பாக்கெட் காணாமல் போனது. ஜூன் 4 அன்று மாநில அரசு மேகி உட்பட நான்கு நிறுவனங்களின் நூடுல்ஸுக்கு மூன்று மாதத் தடை விதித்தது. மறுநாளே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், மேகியின் ஒன்பது வகைகளையும் நாடு முழுக்கத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட்டது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கியில் எடுத்த மாதிரியில், பத்து லட்சத்தில் 2.5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாத ஈயம் 17.2 பங்கு இருந்ததாக ஆய்வகம் சொல்லியிருந்தது. அஜினமோட்டோ சேர்க்கவில்லை என்று உறையில் அச்சிட்டதும் குற்றச்சாட்டில் சேர்ந்துகொண்டது.

வணிகவியல் மாணவர்கள் ‘பிராண்ட் ஈக்விட்டி’ பாடத்தைத் திருப்பிப் பார்க்க இதைவிட நல்ல கதை கிடைப்பது அரிது. ஒரு பெயருக்கு என்ன மதிப்பு என்று தனியே பிரித்துப் பார்ப்பது எப்போதும் கடினம். பொருள் நன்றாக இருப்பதால் விற்கிறதா, பெயருக்காக விற்கிறதா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. இங்கே பொருள் ஐந்து மாதம் கடையிலேயே இல்லை, பெயர் மட்டும் மிஞ்சி நின்றது.

அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ஆக்கர் 1991-இல் எழுதிய நூலில் இந்த மதிப்பை ஐந்து கூறுகளாகப் பிரித்தார். வாங்குபவர் உணரும் தரமும், வணிகச் சின்னம், காப்புரிமை போன்ற சொத்துகளும் அவற்றில் இரண்டு. மற்ற மூன்றும்தான் இங்கே பேச வேண்டியவை: பெயர் தெரிந்திருப்பது, பெயரோடு மனத்தில் ஒட்டியிருக்கும் தொடர்புகள், விட்டுப் போகாத விசுவாசம்.

முதலாவது, பெயர் தெரிந்திருப்பது. அதற்குள்ளேயே இரண்டு படி உண்டு. பாக்கெட்டைக் காட்டி “இது தெரியுமா?” என்று கேட்டால் தலையாட்டுவது அடையாளம் காணுதல். எதையும் காட்டாமல் “நூடுல்ஸ் என்றதும் என்ன பெயர் ஞாபகம் வருகிறது?” என்று கேட்டு, தானாக வரும் பதில் நினைவுகூர்தல். அதிலும் முதலில் வாயில் வரும் பெயருக்கே மதிப்பு அதிகம். கணக்கெடுக்கப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை கேள்விகளின் வரிசையில்தான் இருக்கிறது. பெயர்ப் பட்டியலை முதலில் படித்துக் காட்டிவிட்டுப் பிறகு நினைவைக் கேட்டால், வரும் பதில் நினைவே அல்ல, சற்று முன் காதில் விழுந்தது. எதையும் காட்டாத கேள்விதான் முதலில் வர வேண்டும்.

மேகிக்கு இந்தப் படியில் குறையே இல்லை. 1983 வாக்கில் இந்தியாவுக்கு வந்து, அந்த வகை உணவையே இங்கே பழக்கிவிட்டது அது. பல வீடுகளில் எந்த நிறுவனத்தின் நூடுல்ஸானாலும் அதற்குப் பெயர் மேகிதான். தடைச் செய்தி தொலைக்காட்சிகளில் ஓடிய நாட்களில் இந்தப் பெயர் கேட்காத வீடு இருந்திருக்காது. அப்படியென்றால் பெயர் அறிமுகம் அந்த ஜூன் மாதத்தில்தான் உச்சத்தில் இருந்தது. விற்பனை பூஜ்யத்தில் இருந்தது. அறிமுகம் கதவு வரை அழைத்து வருமே தவிர, வரவேற்பைத் தீர்மானிப்பது வேறொன்று.

போட்டியாளர்களுக்கும் இதில் ஒரு பாடம் கிடைத்தது. மேகி விழுந்த இடத்தில் மற்றவர்கள் உடனே அள்ளிக்கொள்வார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மேகியும் நூடுல்ஸும் ஒரே சொல்லாகிவிட்டிருந்ததால், பயம் மொத்த அலமாரியையும் பிடித்தது. டாப் ராமென், நார் போன்றவற்றையும் அந்தந்த நிறுவனங்கள் அதே ஜூனில் சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டன.

இரண்டாவது கூறான மனத்தொடர்புகளில்தான் உண்மையான சேதம். கெவின் லேன் கெல்லர் 1993-இல் இவற்றை எடைபோட மூன்று கேள்விகள் தந்தார்: தொடர்பு எவ்வளவு வலுவானது, எவ்வளவு விரும்பத்தக்கது, இந்தப் பெயருக்கு மட்டுமே உரியதா? ‘இரண்டு நிமிடம்’ என்பது வலுவானது, விரும்பத்தக்கதும்கூட. ஆனால் எந்த உடனடி நூடுல்ஸும் அதைச் சொல்லிக்கொள்ளலாம். சின்ன உறையில் வரும் அந்த மசாலாவின் ருசி மட்டும் மூன்றிலும் தேறும். 1997-இல் நிறுவனம் செய்முறையை மாற்றிப் பார்த்து, விற்பனை சரிந்ததும் இரண்டே ஆண்டில் பழைய ருசிக்குத் திரும்பியதற்கு இதுதான் காரணம்.

பள்ளி விட்டு ஓடி வரும் பிள்ளை, அடுப்படியில் அம்மா என்ற விளம்பரப் படங்கள் வளர்த்த தொடர்பு இன்னொரு வகை. விடுதி மாணவர்களும் தனியறை இளைஞர்களும் அதோடு தங்கள் கதையைச் சேர்த்துக்கொண்டார்கள். இவை அனுபவத்தில் ஊறியவை. பின்னாளில் ‘ருசியும் உண்டு, ஆரோக்கியமும் உண்டு’ என்ற பொருளில் வந்த வாசகம் அப்படியல்ல. அது நிறுவனம் சொன்னது, வாங்கியவர்கள் உணர்ந்தது அல்ல. ஈயம் என்ற ஒற்றைச் சொல் வந்ததும் முதலில் உடைந்தது இந்த இரவல் தொடர்புதான். கூடவே, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ‘பிள்ளைக்குக் கொடுக்கலாம்’ என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டது.

நிறுவனம் திரும்ப எதைக் கையில் எடுத்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம், நிறுவனத்தின் தரப்பை முறையாகக் கேட்கவில்லை என்று தடையை ரத்து செய்து, மூன்று அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் மறுசோதனைக்கு உத்தரவிட்டது. அந்தச் சமயத்தில் வந்த விளம்பரங்களில் ஆரோக்கியப் பேச்சே இல்லை. வீட்டைவிட்டுத் தள்ளி வாழும் இளைஞர்கள் மேகி இல்லாமல் அல்லாடுவதைக் காட்டி, ‘எங்களுக்கும் உங்கள் நினைவுதான்’ என்ற தொனியில் முடித்தார்கள். பாதுகாப்பை ஆய்வக அறிக்கையும், பாசத்தை விளம்பரமும் சுமந்தன. நல்ல வேலைப் பங்கீடு.

மூன்றாவது கூறில்தான் தேர்வுத் தாள்களில் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். திரும்பத் திரும்ப வாங்குவதையே விசுவாசம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆக்கரின் படிக்கட்டு அப்படிச் சொல்லவில்லை. அடியில் விலை பார்த்துத் தாவுகிறவர்கள், அதற்கு மேல் வெறும் பழக்கத்தால் வாங்குகிறவர்கள். மாற்றினால் சிரமம் என்று இருப்பவர்கள் அடுத்த படி. பிறகு அந்தப் பெயரைப் பிடித்தவர்கள், உச்சியில் உறுதியான பற்றுள்ளவர்கள். பழக்கக்காரரையும் பற்றுள்ளவரையும் பில்லை வைத்துப் பிரிக்க முடியாது. மாதம் நான்கு பாக்கெட் என்று இருவர் கணக்கும் ஒன்றாகவே இருக்கும். சரக்கு இல்லாத நாளில்தான் குட்டு வெளிப்படும்: ஒருவர் பக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்வார், இன்னொருவர் அடுத்த கடைக்கு நடப்பார், அல்லது காத்திருப்பார்.

மேகியின் தடை அந்தச் சோதனையை நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடத்திவிட்டது. நவம்பரில், தீபாவளியை ஒட்டி, பாக்கெட் மீண்டும் வந்தது. இணைய வழியில் 12 பாக்கெட் கொண்ட 60,000 பெட்டிகள் ஐந்தே நிமிடத்தில் விற்றுத் தீர்ந்த செய்தியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது கொஞ்சம் ஏமாற்றும் எண். முன்பதிவு செய்து காத்திருந்தவர்கள் ஏற்கெனவே படிக்கட்டின் உச்சியில் நின்றவர்கள். நடுப்படிகளில் என்ன நடந்தது என்பதைச் சந்தைப் பங்குதான் காட்டும். தடைக்கு முன் உடனடி நூடுல்ஸ் சந்தையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மேகியிடம் இருந்தது. திரும்பி வந்து சில மாதங்களிலேயே பாதிக்கு மேல் மீண்டது, பிறகு சுமார் 60 சதவீதத்தில் நின்றது. இடைப்பட்ட அந்தப் பங்கில் பெரும்பகுதி, விசுவாசிகள் என்று அதுவரை எண்ணப்பட்டுவந்த பழக்கக்காரர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். வீட்டில் வேறு பாக்கெட் ஒன்று பழகிவிட்டது, அவ்வளவுதான்.