நெடுங்கால் உள்ளானின் கால்கள் எங்கே போயின?

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம், தாம்பரம்–வேளச்சேரி சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு நான் எடுத்த படம் அது. கலங்கிய நீருக்கு நடுவில் ஒற்றை நெடுங்கால் உள்ளான். கருஞ்சிறகு, வெள்ளை வயிறு, இளஞ்சிவப்பில் குச்சி போன்ற இரண்டு நீண்ட கால்கள். பறவையை மட்டும் தனியே பிரித்தெடுக்க விரும்பினேன். சிறகில் ஒரு கோடு, வயிற்றில் ஒரு கோடு, நீரில் இரண்டு கோடுகள் இழுத்துவிட்டு நிரலை ஓட்டினேன். சிறகும் அலகும் கத்தரித்து வைத்ததுபோல் வந்தன. கால்கள் மட்டும் வரவில்லை. பறவை அந்தரத்தில் மிதந்தது.

இதைக் கணினியின் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. கொடுத்த கணக்கை அது மிகச் சரியாகவே போட்டிருந்தது. அந்தக் கணக்கை விளக்க, பறவை நின்ற சதுப்பு நிலத்தின் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம்.

சேலையூர் ஏரி நிறைந்தால் மிகைநீர் இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிக்கு ஏரி இறங்கும். நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைக்கு வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கடலை நோக்கிப் போகும். ஒவ்வொரு கால்வாய்க்கும் ஒரு கொள்ளளவு உண்டு. மேலே எவ்வளவு மழை கொட்டினாலும் ஒரு மணி நேரத்தில் கடலைச் சேரும் நீருக்கு ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. அந்த வரம்பை இன்னொரு வழியிலும் கண்டுபிடிக்கலாம். ஏரியையும் கடலையும் முழுதாகத் துண்டிக்க எந்தெந்தக் கால்வாய்களை அடைக்கலாம் என்று பல விதமாகப் பாருங்கள். அவற்றில் மொத்தக் கொள்ளளவு மிகக் குறைவாக வரும் அடைப்புதான் சிறும வெட்டு. அதன் அளவும் உச்சப் பாய்வின் அளவும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். லெஸ்டர் ஃபோர்டு, டெல்பர்ட் ஃபுல்கர்சன் என்ற இரு கணிதர்கள் 1956இல் இதை வெளியிட்டார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது வெள்ளத்தால் அல்ல, ரயிலால். சோவியத் ரயில் பாதைகளின் சரக்குத் திறனை ஆராய்ந்து ஹாரிஸும் ராஸும் 1955இல் எழுதிய இரகசிய அறிக்கைதான் தொடக்கம். எந்தத் தடங்களை அறுத்தால் போக்குவரத்து நிற்கும் என்பதே அந்த அறிக்கையின் அக்கறை.

இனிப் படத்துக்கு வருவோம். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு குளமாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே இரண்டு முனைகள் உண்டு. ஒன்று பறவை முனை, தண்ணீர் புறப்படும் இடம். மற்றது பின்னணி முனை, தண்ணீர் போய்ச் சேரும் இடம். ஒவ்வொரு புள்ளிக்கும் இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு குழாய் வரும். புள்ளியின் நிறம் நான் பறவைமேல் இழுத்த கோடுகளின் நிறத்தை ஒத்திருந்தால் பறவைக் குழாய் தடிமனாகும். நீரின் நிறத்தை ஒத்திருந்தால் பின்னணிக் குழாய் தடிமனாகும். நான் கோடு இழுத்த புள்ளிகளுக்கு மட்டும் எவராலும் அறுக்க முடியாத குழாய்.

இத்தோடு நின்றால் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தை மட்டும் பார்த்துத் தனியே முடிவெடுக்கும். படம் அம்மைத் தழும்பு விழுந்ததுபோல் ஆகிவிடும். இந்த முறையின் உயிர் அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் பக்கக் குழாய்களில் இருக்கிறது. இரண்டு அண்டைப் புள்ளிகள் ஒரே நிறமாக இருந்தால் நடுவிலுள்ள குழாய் தடிமனாக இருக்கும். நிறம் சட்டென்று மாறினால் மெல்லியதாக இருக்கும். ஆகவே பறவையின் உண்மையான விளிம்பு ஓடும் இடத்தில் அறுப்பது மலிவு. சிறகின் நடுவில் அறுப்பது செலவு.

சிறகின் ஓரத்தில் கிடைவரிசையாக ஐந்து புள்ளிகளை மட்டும் எடுத்துக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். முதல் இரண்டு நீர், அடுத்த மூன்று கருஞ்சிறகு. நான்காவது புள்ளியில் வெயில் பட்டு மினுங்குகிறது, அதனால் அதன் நிறம் நீரின் பக்கம் சற்றே சாய்கிறது. பறவைக் குழாய்களின் தடிமன் வரிசையாக 1, 1, 9, 4, 9. பின்னணிக் குழாய்கள் 9, 8, 1, 6, 1. பக்கக் குழாய்களில் முதல் இரு புள்ளிகளுக்கு நடுவே 8, விளிம்பான இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே 1, மினுங்கும் புள்ளிக்கு இருபுறமும் 3, 3.

ஒரு புள்ளியைப் பின்னணி என்று சொன்னால் அதன் பறவைக் குழாயை அறுக்க வேண்டும். பறவை என்று சொன்னால் பின்னணிக் குழாயை அறுக்க வேண்டும். அண்டைப் புள்ளிகள் இரண்டும் வெவ்வேறு பக்கம் போனால் இடையிலுள்ள பக்கக் குழாயையும் அறுக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பினால் நான்காவது புள்ளி நீர் ஆகிறது. அப்போது முனைக் குழாய்களுக்கு 1+1+1+4+1, அதாவது 8. பக்கக் குழாய்களுக்கு 1+3+3, அதாவது 7. மொத்தம் 15. நான்காவதையும் பறவையோடு சேர்த்தால் முனைக் குழாய்களுக்கு 10, பக்கத்தில் விளிம்புக் குழாய் ஒன்று மட்டும். மொத்தம் 11. மினுக்கத்தால் சிறகில் விழ இருந்த ஓட்டை அடைபட்டுவிட்டது.

ஐந்து புள்ளிகளை இரண்டாகப் பிரிக்க 32 வழிகள் உண்டு. பதினொன்றுதான் ஆகக் குறைவு என்று அறிய 32ஐயும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை, தண்ணீரை விட்டுப் பார்த்தால் போதும். ஒவ்வொரு புள்ளி வழியாகவும் நேராகப் போகக்கூடியது 1+1+1+4+1, மொத்தம் 8. மூன்றாவது புள்ளியில் மிஞ்சி நிற்கும் நீரிலிருந்து 1 இரண்டாவது புள்ளி வழியாக இறங்கும், 2 நான்காவது வழியாக இறங்கும். ஆக 11. அதற்கு மேல் ஒரு சொட்டும் போகாது. பாய்வு 11, வெட்டு 11. இரண்டும் தொட்டுவிட்டால் அதைவிடக் குறைந்த வெட்டு கிடையாது என்பது உறுதி. எந்தப் புள்ளிகளை இன்னும் பறவை முனையின் தண்ணீர் எட்டுகிறதோ அவையே பறவை.

640க்கு 480 என்ற சிறிய படத்திலேயே 3,07,200 புள்ளிகள், மேல் கீழ் இடம் வலம் மட்டும் பார்த்தால் 6,13,280 பக்கக் குழாய்கள். பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கையை எழுதத் தொடங்கினால் இந்த இதழின் பக்கங்கள் போதாது. ஆனாலும் கணினி ஆகச் சிறந்த வெட்டு ஒன்றைத் தோராயமில்லாமல் கண்டுபிடித்துவிடுகிறது. இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். புள்ளிப் படங்களைப் பாய்வாக மாற்றலாம் என்று கிரெய்க், போர்டியஸ், செஹுல்ட் ஆகிய மூவர் 1989இலேயே காட்டிவிட்டார்கள். கோடு இழுத்துக் காட்டினால் பொருளைப் பிரித்துத் தரும் முறையாக அதை 2001இல் ஆக்கியவர்கள் யூரி பாய்கோவும் மேரி-பியர் ஜாலியும். 2008இல் ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த விபவ் வினீத், பி.ஜே. நாராயணன் இருவரும் இந்தப் பாய்வை வரைகலைச் செயலியின் நூற்றுக்கணக்கான கருக்களுக்குப் பங்கிட்டு, வேகமாக ஓடச் செய்தார்கள்.

அப்படியானால் கால்கள் எங்கே போயின? என் படத்தில் ஒரு காலின் அகலம் 3 புள்ளி, நீளம் சுமார் 120 புள்ளி. நான் கோடு இழுத்தது கறுப்பிலும் வெள்ளையிலும் மட்டுமே. காலின் இளஞ்சிவப்பு இரண்டுக்கும் ஒட்டாததால், அதைப் பறவை என்று சொல்லும் நிறச் சாட்சி பலவீனமானது. ஒரு புள்ளிக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். காலுக்கும் நீருக்கும் இடையிலுள்ள பக்கக் குழாய்க்கு 4. காலை வைத்துக்கொள்ள இருபுறமும் 240 குழாய்களை அறுக்க வேண்டும், அதற்கு 960. காலை நீரோடு சேர்த்துவிட்டால் 360 புள்ளிகளின் நிறச் சாட்சியை மீற வேண்டும், அதற்கு 720. மேல்முனையிலோ அடிமுனையிலோ எப்படியும் மூன்று குழாய்கள் அறுபடும் என்பதால் அவற்றை விட்டுவிடலாம். 720 குறைவு, ஆகவே கால் போய்விட்டது.

இது இந்த முறையின் பிறவிக் குணம். அது அறுப்பது விளிம்பை, விளிம்பின் நீளத்துக்கு விலை வைக்கிறது. உடல் போன்ற திரண்ட உருவத்துக்கு விளிம்பு குறைவு, பரப்பு அதிகம். கால், அலகு நுனி, நாணல் தண்டு போன்றவற்றுக்கு விளிம்பே பெரும் பகுதி. அதனால் ஒல்லியான உறுப்புகள் முதலில் உதிரும். முடிவைப் பார்த்ததும் ஒல்லியான பாகங்கள் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தால், பக்கக் குழாய்களின் தடிமனைக் கூட்டிவிட்டோம் என்று அறியலாம். படம் முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தால் குறைத்துவிட்டோம் என்று பொருள்.

அதே படத்தை இருமடங்கு நெருக்கத்தில் எடுத்திருந்தால் கால் பிழைத்திருக்கும். அகலம் 6, நீளம் 240 என்றால் வைத்துக்கொள்ள 1,920, கைவிட 2,880. விளிம்பு இருமடங்கானபோது பரப்பு நான்கு மடங்காகிறது. அடுத்த முறை லென்ஸை மாற்றிக்கொண்டு போனேன். பறவை பறந்துவிட்ட படத்துக்கோ வேறு வழி இருந்தது. காலின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு மெல்லிய கோடு. அந்தப் புள்ளிகள் இப்போது அறுக்க முடியாத குழாயால் பறவை முனையோடு கட்டப்பட்டவை. அவற்றுக்கு இருபுறமும் உள்ள புள்ளிகளும் அதே நிறம் என்பதால் இடைக்குழாய்கள் தடிமன். அவற்றை அறுப்பதைவிடக் காலின் உண்மையான ஓரத்தில் 4, 4 என்று அறுப்பது மலிவு. ஏற்கெனவே விட்ட பாய்வின் மீதே தொடரலாம் என்பதால் கணக்கைத் தொடக்கத்திலிருந்து போடவும் வேண்டியதில்லை. இரண்டு கால்களும் திரும்பி வந்தன.

இன்னொரு சிக்கலுக்குக் கோடு உதவவில்லை. வால் இறகின் நுனியில் நீரும் இறகும் கலந்து மங்கிய புள்ளிகள் இருக்கின்றன. ஒரே புள்ளியில் பாதி இறகு, பாதி நீர். வெட்டு முறைக்குப் பாதி என்பது தெரியாது, இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். அதனால் இறகு நுனி கத்தியால் சீவியதுபோல் நிற்கிறது. அங்கே புள்ளிக்குப் புள்ளி எத்தனை பங்கு பறவை என்று தனியே கணக்கிடும் வேறு முறைகளைத்தான் நாட வேண்டும்.

காற்றில்லாத காலையில் எடுத்த படங்களில் கடைசியாக ஒன்று நடக்கும். நீரில் விழும் பிம்பத்துக்கும் அதே கறுப்பு, அதே வெள்ளை, அதே கூர்மையான விளிம்பு. கணினி தலைகீழாக ஓர் உள்ளானையும் சேர்த்துக் கொடுத்துவிடும். அதன்மேல் பின்னணிக்கான கோடு ஒன்றை இழுத்து, இது தண்ணீர் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.