விரல் தள்ளும் முன் 3 வினாடிகள்: சன்ஸ்கிரீன் காணொலியின் தொடக்கத்தை எழுதுவது எப்படி?

மும்பை: கைப்பேசித் திரையில் ஒரு குறுங்காணொலி தோன்றியதும், அதைப் பார்ப்பதா தள்ளிவிடுவதா என்பதைப் பெருவிரல் நொடிப்பொழுதில் முடிவு செய்துவிடுகிறது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் செயலிக்கு இந்தியாவில் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கு அறிமுகமாயின. தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய வசதியில்லாத சிறு அழகுசாதனத் தயாரிப்பாளர்கள் பலருக்கு இவையே இன்று கடைவீதி. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் தாய் நிறுவனமான மெட்டா, ஒரு விளம்பரம் குறைந்தது 3 வினாடிகள் ஓடியதா என்பதைத் தனிக் கணக்காகவே விளம்பரதாரருக்குத் தருகிறது. அந்த 3 வினாடிகளை எழுதுவது தனி வேலையாகிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சிறு நிறுவனத்தின் சன்ஸ்கிரீனுக்கு 30 வினாடிக் காணொலி தயாராவதாகக் கொள்வோம். வழக்கமான முதல் வரைவில் நிறுவனத்தின் சின்னம் மலரும், புட்டி சுழலும், பிறகு ஒரு பெண் "வணக்கம், இன்று நாம் பார்க்கப் போவது..." என்று தொடங்குவார். அதற்குள் 4 வினாடிகள் கடந்திருக்கும். பார்ப்பவருக்கு அதுவரை கிடைத்த ஒரே செய்தி, இது விளம்பரம் என்பதுதான்.

எழுத வேண்டியது பொருளை அல்ல, கண்ணாடியில் தெரிவதை

சன்ஸ்கிரீன் பூசும் இந்தியர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற தாதுப்பொருள்கள் சேர்ந்த கிரீம்கள் கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் சிதறடிப்பதால், மாநிறத்திலும் கருநிறத்திலும் வெண்படலமாகத் தெரியும். சாம்பல் பூத்தது போன்ற அந்தத் தோற்றத்துக்கு அஞ்சியே பலர் தேவையான அளவில் பாதியைக்கூடப் பூசுவதில்லை. விற்கப்படும் கிரீம் உண்மையிலேயே அந்தப் படலத்தை விடாதது என்றால், தொடக்கம் அங்கிருந்துதான் எழ வேண்டும்.

முதலில் தோன்றக்கூடிய வரி: "முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமா?" கேட்பதற்குக் கூர்மையான வரிதான். ஆனால் அதில் இரண்டு கோளாறுகள் உள்ளன. முகத்தின் நிறமாற்றத்தையே இந்தக் கிரீம் போக்கிவிடும் என்று ஒருவர் புரிந்துகொள்ளலாம். அந்த வாக்குறுதியைக் காணொலி நிறைவேற்றப் போவதில்லை. இன்னொருவர் தம் தோலின் நிறத்தையே குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். கருநிறத்தைத் தாழ்வாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. குறை தோலில் இல்லை, கிரீமில் இருக்கிறது என்பது வரியிலேயே தெரிய வேண்டும். "சன்ஸ்கிரீன் பூசினால் முகம் சாம்பல் பூக்கிறதா?" என்று மாற்றினால் இரு சிக்கல்களும் தீர்கின்றன.

இந்த வரியில் ஐந்தே சொற்கள். நிதானமாகப் பேசினால் 3 வினாடிகளில் ஆறேழு தமிழ்ச் சொற்களுக்கு மேல் அடங்குவதில்லை. ஆங்கிலத்தில் எழுதிய வரியைப் பெயர்த்துத் தரும்போது இது அடிக்கடி மறக்கப்படுகிறது. குரல் கொடுப்பவர் மூச்சுவிடாமல் ஓட வேண்டியதாகிறது.

வரி மட்டும் போதாது. எழுதுபவர் தாளை மூன்று பத்திகளாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரிவது, திரையில் எழுதப்படுவது, காதில் விழுவது ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்க வேண்டும். நம் காணொலியில் முதல் கணத்திலேயே ஒரு விரல், மாநிறக் கன்னத்தில் வெள்ளைக் கோட்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. அதாவது செயல் பாதியில் இருக்கும்போதே காட்சி திறக்கிறது. சன்னலோரப் பகல் வெளிச்சம் போதும். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்காகத் திரையில் "சாம்பல் பூக்கிறதா?" என்ற இரண்டு சொற்கள் தோன்றுகின்றன. பேசும் வரி முழுவதையும் எழுத்தாக அடுக்கினால் கண் எழுத்துக்குப் போகும், கன்னத்துக்குப் போகாது. எழுத்து நிற்கும் இடமும் முக்கியம். ரீல்ஸ் விளம்பரங்களில் மேலே சுமார் 14 விழுக்காடும் கீழே சுமார் 35 விழுக்காடும் வெற்றிடமாக விடுமாறு மெட்டா பரிந்துரைக்கிறது. கணக்கின் பெயரும் பொத்தான்களும் அங்கு வந்து எழுத்தை மறைத்துவிடும்.

நான்காவது வினாடியில் பதில் தொடங்கிவிட வேண்டும். அதே கன்னத்தின் மறுபக்கத்தில், அதே வெளிச்சத்தில், இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்த கிரீம் பரவுவதைக் காட்டலாம். குறைவாகப் பூசிவிட்டுப் படலம் இல்லை என்பது ஏமாற்று. புட்டி இப்போது வந்தால் போதும்.

நிறுத்தத் தெரிந்த வரி, சிக்கவைக்கும் வரி

"7 நாளில் கரும்புள்ளி மறையும்", "படை குணமாகும்" போன்ற தொடக்கங்கள் விரலை நிறுத்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்படி, அழகுசாதனம் என்பது தூய்மைக்கும் தோற்றத்துக்கும் உரியது. நோயைக் குணப்படுத்துவதாகச் சொன்னால் அது மருந்தின் எல்லைக்குள் போய்விடுகிறது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ரூ.10 லட்சம் வரையும், மீண்டும் நிகழ்ந்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். பரிந்துரைத்து நடித்தவரும் இதற்குத் தப்பமாட்டார்.

பணம் பெற்றுப் பேசும் பிரபலங்களின் காணொலியில் விளம்பரம் என்ற குறிப்பும் இடம்பெற வேண்டும். விளம்பரக் கவுன்சிலின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனி எழுத்துப் பதிவு இல்லாத 15 வினாடிக்கு உட்பட்ட காணொலியில் அது குறைந்தது 3 வினாடிகளும், அதற்கு மேல் 2 நிமிடத்துக்கு உட்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு நேரமும் நிற்க வேண்டும். நம் 30 வினாடிக் காணொலிக்கு அது 10 வினாடி. பொருளின் பயனை மிகைப்படுத்திக் காட்டும் ஃபில்டர்களையும் தவிர்க்க வேண்டும். கன்னத்தை மெழுகாக்கும் ஃபில்டர் போட்டால் வெண்படலமும் மறைந்துவிடும், வாதமும் சேர்ந்து மறைந்துவிடும்.

எண்கள் சொல்வது என்ன?

தொடக்கம் பலித்ததா என்பதை அறிய, 3 வினாடி ஓடிய எண்ணிக்கையை, விளம்பரம் திரையில் காட்டப்பட்ட எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 10,000 முறை காட்டப்பட்டதில் சின்னம் மலரும் வரைவு 1,800 முறையும், சாம்பல் வரைவு 3,100 முறையும் 3 வினாடியைத் தாண்டினால், விகிதம் 18-லிருந்து 31 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. "உங்கள் சன்ஸ்கிரீன் விஷமா?" என்ற மூன்றாவது வரைவு 40 விழுக்காட்டைத் தொடவும் கூடும். ஆனால் அதன் 15 வினாடிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான்காவது வினாடியில் விஷம் பற்றிய பேச்சே இல்லையென்றால், நின்றவர்கள் அங்கேயே விலகிவிடுவார்கள். முதல் கணக்கு உயர்ந்து இரண்டாவது கணக்கு சரிந்தால், வரி பொய் சொல்கிறது என்று பொருள்.

ஒப்பிடும்போது மீதி 27 வினாடிகள், பார்வையாளர் வட்டம், செலவு ஆகிய மூன்றும் மாறாமல் இருக்க வேண்டும். இருநூறு முறை மட்டுமே காட்டிவிட்டு 18, 22 என்ற இரு விகிதங்களைப் பார்த்து முடிவெடுப்பது வீண்; அந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது.

யூடியூப் ஷார்ட்ஸில் பார்வை எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது. 2025 மார்ச் 31 முதல், காணொலி ஓடத் தொடங்கினாலே அங்கு ஒரு பார்வையாகக் கணக்கிடப்படுகிறது. பார்த்தவர்கள் எத்தனை விழுக்காடு, தள்ளிவிட்டவர்கள் எத்தனை விழுக்காடு என்று பிரித்துக் காட்டும் பகுதிதான் இங்கு உதவும்.

நன்றாக ஓடிய தொடக்கமும் நிலைப்பதில்லை. அதே வட்டத்துக்கு மீண்டும் மீண்டும் காட்டப்படும்போது விகிதம் படிப்படியாகக் குறையும். அப்போது முழுக் காணொலியையும் புதிதாக எடுக்கத் தேவையில்லை. கன்னத்துக்குப் பதில் புருவத்தில் ஒட்டிய வெள்ளையையோ, கறுப்புச் சட்டைக் கழுத்தில் படிந்த கறையையோ 3 வினாடிக்குப் படம்பிடித்து, பழைய 27 வினாடிகளின் முன்னால் ஒட்டினால் போதும். ஒரே படப்பிடிப்பில் இப்படி நான்கைந்து தொடக்கங்களை எடுத்து வைத்துக்கொள்வது செலவையும் குறைக்கும்.