கருப்பைக்குள் எட்டும் குரல்

வளைகாப்பில் கை நிறைய அடுக்கும் கண்ணாடி வளையல்களின் ஓசை உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கேட்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஏழாம் மாதத்துப் பிள்ளைக்குக் காது கேட்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வளையல் ஓசையைவிட, அதை அணிந்திருப்பவளின் பேச்சுதான் அந்தக் காதுக்குத் தெளிவாகப் போய்ச் சேருகிறது.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பீட்டர் ஹெப்பர் என்ற உளவியலாளரும் சாரா ஷாஹிதுல்லாவும் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கர்ப்பிணிகளின் வயிற்றின் மேல் ஒலிபெருக்கியை வைத்து ஒலி எழுப்பி, பிள்ளை அசைகிறதா என்று ஸ்கேனில் பார்த்த ஆய்வு அது. முதல் அசைவு 19ஆம் வாரத்தில் தெரிந்தது. 27ஆம் வாரத்தில் கனத்த ஒலிகளுக்கு ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுமே அசைந்தன. கீச்சென்ற ஒலிகளுக்கு ஒன்றுகூட அசையவில்லை. அந்த உயர்ந்த ஒலிகளுக்கு எல்லாப் பிள்ளைகளும் அசைவதைப் பார்க்க 33, 35 வாரங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காது ஒரே நாளில் திறந்துவிடுவதில்லை. கனத்த ஒலியில் தொடங்கி, வாரம் வாரமாக மேலே ஏறுகிறது.

ஒலி கடந்து வரவேண்டிய வழியும் இதே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. அடுத்த வீட்டில் பேசுவது சுவர் வழியாக நமக்கு எப்படிக் கேட்கிறதோ, ஏறக்குறைய அப்படித்தான் வெளிப்பேச்சு பிள்ளைக்குக் கேட்கிறது. ஏற்ற இறக்கம் தெரியும், கோபமா கொஞ்சலா என்பதுகூடப் பிடிபடும், சொற்கள் தெளியா. தாயின் வயிற்றுச் சதையும் கருப்பைச் சுவரும் பனிக்குட நீரும் கனத்த ஒலியை அதிகம் தடுக்காமல் விட்டுவிடுகின்றன. உயர்ந்த ஒலியைத்தான் பெருமளவு மட்டுப்படுத்துகின்றன. வளையலின் கிணுகிணுப்பு உயர்ந்த ஒலி என்பதால் அது வழியிலேயே மெலிந்துபோகிறது. உள்ளேயோ ஒரு கணமும் அமைதி கிடையாது. தாயின் இதயத் துடிப்பு, ரத்தம் பாயும் இரைச்சல், குடலின் உருட்டல் எல்லாம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இத்தனைக்கும் நடுவே தாயின் குரலுக்கு மட்டும் இரண்டு வழிகள் உண்டு. காற்று வழியாக வெளியே போய்த் திரும்பி வருவது ஒன்று; தொண்டையில் பிறந்த அதிர்வு எலும்பும் தசையுமாக உடல் வழியே நேராக இறங்குவது இன்னொன்று. பிரசவ நேரத்தில் பெண்களின் கருப்பைக்குள் நீரில் இயங்கும் சிறு மைக்கை வைத்து 1992இல் அளந்தார்கள். அருகில் நின்று பேசிய மற்றவர்களின் குரல் உள்ளே சற்றுக் குறைந்து பதிவானது. தாயின் குரலோ வெளியே இருந்ததைவிட 5 டெசிபெல் அளவு கூடியிருந்தது. உள்ளே போனதும் ஓங்கி ஒலிக்கும் குரல் அவளுடையதுதான்.

கேட்டது மனத்தில் நிற்கிறதா? பேசத் தெரியாத பிள்ளையிடம் இதை எப்படிக் கேட்பது? அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த உளவியலாளர் ஆந்தனி டிகாஸ்பர் இதற்குக் கண்டுபிடித்த வழியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. பிறந்த குழந்தை நன்றாகச் செய்யத் தெரிந்த வேலை, சப்புவது. சப்பும்போது கொஞ்சம் சப்பி, நிறுத்தி, மறுபடி சப்பும். அவர் ஒரு ரப்பர் காம்பைக் கருவியோடு இணைத்து, குழந்தை வழக்கமாக எவ்வளவு நேரம் நிறுத்துகிறது என்று முதலில் அளந்தார். பிறகு, அதைவிட நீண்ட இடைவெளி விட்டால் காதில் ஒரு ஒலிப்பதிவு கேட்கும், குறைந்த இடைவெளி விட்டால் வேறொன்று கேட்கும் என்று அமைத்தார். எதைக் கேட்க விரும்புகிறதோ அதற்கேற்பக் குழந்தை தன் சப்பலை மாற்றிக்கொள்ளலாம். 1980இல் அவரும் வில்லியம் ஃபைஃபரும், பிறந்து மூன்று நாள் ஆகாத 10 குழந்தைகளிடம் இதைச் சோதித்தபோது, அவை தாயின் குரல் வரும்படி சப்பின.

அந்தக் குரலைப் பிறந்த பிறகு பழகியிருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. 1986இல் டிகாஸ்பரும் மெலனி ஸ்பென்ஸும் அதற்குப் பதில் தேடினார்கள். கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரங்களில் தினமும் இரண்டு முறை ஒரே குழந்தைக் கதையைத் தாய்மார்கள் உரக்கப் படித்தார்கள். பிறந்த சில நாட்களில் அந்தக் கதையையும், அதுவரை கேட்டிராத வேறொரு கதையையும் குழந்தைகளுக்குக் கேட்க வைத்தபோது, அவை பழைய கதை வரும்படிதான் சப்பின. வேறொரு பெண் படித்த பதிவைப் போட்டபோதும் அதே விளைவு. அப்படியானால் குழந்தை நினைவில் வைத்தது குரலை மட்டும் அல்ல. அந்தக் கதை வாசிப்பின் தாளத்தையும் இழுப்பையும் சேர்த்துத்தான். இரண்டு நாள் குழந்தை அந்நிய மொழியைவிடத் தாய் பேசும் மொழியை விரும்பிக் கேட்பதும் பின்னர் காட்டப்பட்டது.

தகப்பன்மார்கள் இதைக் கேட்டு வருந்தக்கூடும். பிறந்த குழந்தை அப்பாவின் குரலை வேறொரு ஆணின் குரலிலிருந்து பிரித்தறிகிறது. ஆனால் அதை நாடிச் சப்புவதில்லை. உள்ளே அவ்வளவாக எட்டாத குரல் அது. பிறந்த பிறகு பேசிப் பழகினால் போதும்.

கதை பிள்ளைக்குப் புரியும் என்று மட்டும் எண்ண வேண்டாம். பத்ம வியூகத்தைக் கேட்ட அபிமன்யுவும் நாரதரின் உபதேசத்தைக் கேட்ட பிரகலாதனும் புராணத்துக்கு உரியவர்கள். அறிவு வளரும் என்று சொல்லி, வயிற்றில் மாட்டும் ஒலிபெருக்கிகளை இன்று விற்கிறார்கள். மொசார்ட் இசை புத்தியைக் கூட்டும் என்ற பேச்சு கிளம்பியது 1993இல் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனையிலிருந்து. கர்ப்பிணி எவரும் அதில் இல்லை, மாணவர்களிடம் கண்ட பலனும் கால்மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அந்தக் கருவியை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். வயிற்றோடு ஒட்டி வைத்து ஒலியைக் கூட்டுவதால் தூங்கும் பிள்ளை கலைவதுதான் மிச்சம். வீட்டில் பேசுவதும் பாடுவதும் சண்டை போடுவதும் எல்லாம் தாயின் உடல் வழியே ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

கர்ப்பிணிகள் அடிக்கடி கேட்கும் ஒன்று: சத்தம் கேட்டும் பிள்ளை அசையவில்லையே, காதில் கோளாறா? பெரும்பாலும் அது தூங்கிக்கொண்டிருக்கும். 20 முதல் 40 நிமிடம் வரை அசையாமல் உறங்குவது வழக்கம்தான். வழக்கமான துடிப்பே குறைந்துவிட்டதாகத் தோன்றினால் அது வேறு விஷயம். காதைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பட்டாசு வெடித்தபோது வயிற்றில் பிள்ளை துள்ளியதே, காது நன்றாகத்தான் இருக்கும் என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பெரிய சத்தம் அதிர்வாகவும் வருகிறது. தொடு உணர்வு காதுக்கு வெகு முன்பே, இரண்டாம் மாதத்திலேயே உதட்டைச் சுற்றித் தொடங்கிவிடுகிறது. காது கேளாத பிள்ளையும் அதிர்வை உணர்ந்து துள்ளலாம். பிரசவத்துக்குப் பின் காதில் சிறு கருவியை வைத்துச் செய்யும் ஓஏஇ பரிசோதனைதான் இதைக் கண்டறியும் முதல் படி. குழந்தை உறங்கும்போதே சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலிக்காது. பிறந்த ஓரிரு நாளில் காதில் ஈரமும் மாவும் அடைத்திருந்தால் முதல் முறை தவறிப்போவது சகஜம். அதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் மறுபரிசோதனைக்குப் போகாமல் விட்டுவிடவும் கூடாது. முதல் மாதத்துக்குள் இந்தப் பரிசோதனை, மூன்றாம் மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற உறுதி, ஆறாம் மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. வீட்டுக்கு அனுப்பும் முன் இந்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேட்டு, முடிவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.