காலர் வைப்பவரா, வெளியிலிருந்து வருபவரா?

திருப்பூரில் போலோ டி-ஷர்ட் தைக்கும் ஒரு லைனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 30 டெய்லர்கள். சூப்பர்வைசர் சனிக்கிழமை கணக்கை முடித்துக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புரொடக்‌ஷன் மேனேஜரின் மனதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் அதே லைனில் 9 வருடமாகக் காலர் வைக்கும் பெண். செல்வி என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் போன பீஸ் ஆல்டருக்குத் திரும்புவது அபூர்வம். இன்னொருவர் வேறொரு கம்பெனியில் 6 வருடம் சூப்பர்வைசராக இருந்தவர், சம்பளம் கூடுதலாகக் கேட்கிறார்.

தப்பான ஆளை உட்காரவைத்தால் எவ்வளவு போகும் என்பதை முதலில் கணக்குப் போட்டுவிட வேண்டும். 30 பேர், 8 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 14,400 நிமிடம். ஒரு போலோவுக்கு 15 நிமிட வேலை என்று வைத்தால் முழுத் திறனில் 960 பீஸ் வர வேண்டும். பாதித் திறனில் ஓடும் லைன் 480 தரும். அது 40 சதவீதத்துக்கு இறங்கினால் 384 தான். தினம் 96 பீஸ் குறைவு. 24 வேலை நாளில் ஏறக்குறைய 2,300 பீஸ். ஷிப்மென்ட் தேதி நெருங்கும் நேரத்தில் இந்தத் துண்டு, இரண்டு பேரின் சம்பள வித்தியாசத்தைவிடப் பெரியது. அதனால் ‘யாருக்குச் சம்பளம் குறைவு’ என்று ஆரம்பிக்கும் பேச்சு ஆரம்பத்திலேயே வழிதவறிவிடுகிறது.

சூப்பர்வைசரின் வேலை தைப்பது அல்ல. காலையில் நான்கு பேர் வரவில்லை என்றால், யாரை எந்த மெஷினுக்கு மாற்றுவது என்று பத்து நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். பிளாக்கெட் தைக்கும் இடத்தில் பண்டில் குவிகிறது, அடுத்த மெஷின் சும்மா இருக்கிறது என்பதை மணிக்கணக்குப் பலகை காட்டும் முன்பே கண் காட்ட வேண்டும். செக்கிங்கிலிருந்து திரும்பும் பீஸை, தைத்தவர் முகம் சுருங்காமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காலர் அழகாக வைப்பவருக்கு இவையெல்லாம் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதை விற்பனைத் துறையில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆலன் பென்சன், டேனியல் லி, கெல்லி ஷூ மூவரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க நிறுவனங்கள் அதிகம் விற்றவர்களையே மேலாளர்களாக உயர்த்துவதும், அப்படி உயர்ந்தவர்களின் கீழே இருந்தவர்களின் விற்பனை இறங்குவதும் தெரியவந்தது. மாறாக, மற்றவர்களோடு சேர்ந்து விற்றுப் பழகியவர்கள் மேலாளர் ஆனபோது நன்றாகவே செய்தார்கள். ஆகவே செல்வியைப் பற்றிக் கேட்க வேண்டியது, அவர் எத்தனை பீஸ் தைக்கிறார் என்பதல்ல. புதிதாக வந்த பெண்ணுக்குக் காலர் கற்றுக்கொடுத்தது யார், பக்கத்து மெஷின் நின்றால் பக்கத்தில் போய் நிற்பது யார் என்று கேட்க வேண்டும். அந்தப் பதில் ஃப்ளோரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

நேர்காணலைவிட வெள்ளோட்டம் பார்ப்பது நல்லது. இரண்டு வாரம் செல்வி லைனை நடத்தட்டும், அதற்குப் படியும் கொடுங்கள். ஒத்துவராவிட்டால் பழைய மெஷினுக்கே, பழைய கூலிக்கே திரும்பலாம் என்று முதல் நாளே வாயால் சொல்லிவிடுங்கள். இந்த இரண்டு வாரத்தில் மொத்த பீஸை மட்டும் பார்க்கக் கூடாது. புது ஆளிடம் அது முதலில் கொஞ்சம் இறங்கும். ஆள் வராத நாளில் முதல் ஒரு மணி நேரத்தில் எத்தனை பீஸ் வந்தது, ஆல்டர் ஏறுகிறதா என்பதைப் பாருங்கள். தடுமாறுகிறவர் எப்படித் தெரிவார் என்றால், பிரச்சினை வந்தவுடன் தானே மெஷினில் உட்கார்ந்து தைக்கத் தொடங்கிவிடுவார். அந்த ஒரு மெஷின் ஓடும், மீதி 29 பேர் கவனிப்பாரில்லாமல் கிடப்பார்கள்.

உள்ளிருந்து உயர்த்தும்போது மறைந்திருக்கும் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, செல்வி எழுந்தால் காலர் மெஷின் காலி. லைனிலேயே கடினமான வேலைகளில் ஒன்று அது. அதற்கு ஆள் பழக்காமல் அவரை எழுப்பினால், ஒரு காலியிடம் இரண்டாகிவிடும். வெள்ளோட்டத்துக்கு முன்பே காலரில் ஒருவரைப் பழக்கத் தொடங்க வேண்டும்.

இன்னொன்று கூலி. ஷிஃப்டுக்கு 600 ரூபாய் என்று வையுங்கள். தினம் ஒன்றரை ஷிஃப்ட், வாரம் ஆறு நாள் என்றால் 9 ஷிஃப்ட், 5,400 ரூபாய். நான்கு வாரத்துக்கு 21,600. சூப்பர்வைசர் சம்பளம் மாதம் 20,000 என்று நிர்ணயித்து, ஓவர்டைமும் கிடையாது என்றால், இது பதவி உயர்வே அல்ல, கூலிக் குறைப்பு. சனிக்கிழமை தோறும் கையில் பணம் வாங்கிப் பழகிய குடும்பத்துக்கு மாதச் சம்பளம் என்பதே ஒரு கஷ்டம். ‘வேண்டாம் சார், என்னை மெஷின்லயே விட்டுருங்க’ என்று ஒரு பெண் சொன்னால், அவருக்குத் தைரியம் போதாது என்று மேனேஜர் எழுதிக்கொள்கிறார். அவர் கணக்குப் போட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி வெளி ஆள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியைச் சேர்ந்த மேத்யூ பிட்வெல் 2011-ல் ஓர் அமெரிக்க முதலீட்டு வங்கியின் ஆள்சேர்ப்பை ஆராய்ந்தார். வெளியிலிருந்து வந்தவர்கள், அதே வேலைக்கு உள்ளிருந்து உயர்ந்தவர்களைவிட ஏறக்குறைய 18 சதவீதம் அதிகச் சம்பளம் வாங்கினார்கள். அவர்களுக்குப் படிப்பும் அனுபவமும் அதிகம். ஆனாலும் முதல் இரண்டு வருடம் அவர்களுக்குக் கிடைத்த மதிப்பீடு குறைவு. வேலையை விட்டுப் போவதும் அதிகம். வங்கிக்கும் தையல் ஃப்ளோருக்கும் தூரம் அதிகம்தான். காரணம் மட்டும் இங்கேயும் பொருந்துகிறது: அந்த இடத்துக்கே உரிய அறிவு கூடவே வருவதில்லை. யாருக்கு எந்த மெஷின் வரும், யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தால் சண்டை வரும் என்பதெல்லாம் போய்விட்ட சூப்பர்வைசரின் தலைக்குள் இருந்தது. ‘யாருக்கு என்ன தைக்க வரும்’ என்ற பட்டியல் ஒன்று சுவரில் எழுதி ஒட்டப்பட்டிருந்தால், புதியவர் தடுமாறும் காலம் நிச்சயம் சுருங்கும்.

வெளி ஆளிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இதே மாதிரிதான். எத்தனை மெஷின் லைன், என்ன பீஸ் என்று கேளுங்கள். 12 மெஷினில் சாதாரண டி-ஷர்ட் ஓட்டியவருக்கு 30 மெஷின் போலோ வேறு உலகம். அரை நாள் லைனில் நடக்கவிட்டு, எங்கே அடைக்கிறது என்று கேளுங்கள். டெய்லர்களைக் கூடவே அழைத்து வருவதாகச் சொன்னால் சந்தோஷப்படும் முன் யோசியுங்கள். அழைத்து வந்தவர், போகும்போது அவர்களையும் அழைத்துக்கொண்டு போகலாம்.

அதே பீஸ், அதே லைன் என்றால் உள்ளே இருப்பவருக்கே முதல் வாய்ப்பு என்பது என் தீர்ப்பு. கம்பெனி டி-ஷர்ட்டை விட்டு ஜாக்கெட்டுக்கு மாறுகிறது, வீட்டுக்குள் யாருக்கும் அந்த வேலை தெரியாது என்றால், அப்போது வெளியில் தேடத்தான் வேண்டும். ஃப்ளோர் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, எந்தப் பக்கத்து ஆளை உயர்த்தினாலும் மறுபக்கம் கைகட்டி நிற்கும் என்றாலும் அப்படியே.

வெளி ஆளை எடுப்பதென்று முடிவாகிவிட்டால், அவர் வருவதற்கு முன் செல்வியை உட்காரவைத்து மேனேஜரே பேச வேண்டும்: ஏன் இந்த முறை இல்லை, எது கற்றுக்கொண்டால் அடுத்த லைன் அவருக்கு, அதை யார் எப்போது கற்றுக்கொடுப்பார்கள். திங்கள் காலை புதியவர் மெஷின் பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிகிறதென்றால், 9 வருடம் காலர் வைத்தவர் அந்த வாரக் கணக்கோடு கிளம்பிவிடுவார்; அடுத்த தெருக் கம்பெனியிலும் காலருக்கு ஆள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.